டெங்கு கேரவுசல்: வாக்கியத்தை அப்படியே வைக்கணுமா, திரும்ப எழுதணுமா?

புதுவரவு: தன்னார்வக் குழு ஒண்ணுக்காக டெங்கு பத்தின, ஒவ்வொண்ணா தள்ளிப் பார்க்கற எட்டு ஸ்லைடு ஆங்கில கேரவுசலைத் தமிழாக்குறேன். முதல் ஸ்லைடுல "டெங்குவின் மிக ஆபத்தான கட்டம் தொடங்குகிறது…", ரெண்டாவதுல "உங்கள் காய்ச்சல் போகும்போது"ன்னு போட்டேன். படிச்சவங்க ஒண்ணும் புரியலைங்கறாங்க. மருத்துவ விஷயமாச்சே, வாக்கியத்தை மாத்தலாமா?

மருந்துச்சீட்டு: மாத்தாதீங்க. ஆங்கிலத்தை டாக்டர் பார்த்து ஓகே பண்ணியிருப்பார். நீங்க திரும்ப எழுதினா அதை யார் பார்ப்பாங்க? நடை கொஞ்சம் கரடுமுரடா இருந்தா பரவாயில்லை.

ஆற்றங்கரை: பதினஞ்சு வருஷமா சுகாதாரத் துண்டறிக்கை எழுதறேன். இங்க கரடுமுரடு பிரச்சனை இல்லை, உடையற இடம்தான் பிரச்சனை. ஆங்கிலத்துல "எப்போது" கடைசியில வரும், அதனால பாதியில நிறுத்தி ஸ்வைப் பண்ண வைக்க முடியுது. தமிழ்ல "எப்போது" முன்னாடி வந்து வினை கடைசியில முடியும். "தொடங்குகிறது"ன்னு வினை வந்ததுமே வாக்கியம் முடிஞ்சுடுச்சு. அடுத்த ஸ்லைடு அனாதையா நிக்குது.

ஒரு வாக்கியத்தை ரெண்டா வெட்டாம, ரெண்டு தனி வாக்கியமா எழுதுங்க. முதல் ஸ்லைடு: "காய்ச்சல் விட்டுடுச்சு, அப்பாடா!" ரெண்டாவது: "டெங்குவில் ஆபத்து இனிமேல்தான்." ஆங்கிலத்துல இருக்கற அதே அதிர்ச்சிதான், வரிசை மட்டும் வேற.

பிக்சல்பாண்டி: எங்க பேக்கரி கேரவுசல்லயும் இதே கதை. கேக் வாக்கியம் நீளமாகி ஸ்லைடை விட்டு வெளிய போயிடுச்சு. எழுத்து அளவைக் குறைங்க, சரியாயிடும்.

ஆற்றங்கரை: இங்க இடம் பத்தலைங்கறது பிரச்சனை இல்லையே பாண்டி.

மருந்துச்சீட்டு: "ஆபத்து இனிமேல்தான்"னா காய்ச்சல் விட்ட எல்லாருக்கும் ஆபத்துன்னு ஆகிடுது. பெரும்பாலானவங்க தானா குணமாகிடுவாங்க. ஆங்கிலத்துல அடுத்த வரியிலேயே "சிலருக்கு"ன்னு இருக்கும், அது எங்க போச்சு? இதுக்குத்தான் மாத்தாதீங்கன்னேன்.

ஆற்றங்கரை: அந்த "சிலருக்கு" விஷயத்துல நீங்க சொல்றது சரி, விட்டது என் தப்பு. காய்ச்சல் இறங்கற சமயத்துல ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியறது சிலருக்குத்தான். அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் கவனிச்சுப் பார்க்கணும். எண்ணும், "சிலருக்கு"வும், மாத்திரைப் பேரும் அசையக் கூடாது. வாக்கிய வடிவம் அசையலாம்.

ஆனா வார்த்தைக்கு வார்த்தை போட்டாலும் மருத்துவம் தப்பாகுமே. புதுவரவு, எச்சரிக்கை அறிகுறிகள் ஸ்லைடுல என்ன போட்டிருக்கீங்க?

புதுவரவு: கடுமையான வயிற்று வலி, தொடர்ச்சியான வாந்தி, ஈறுகளில் இரத்தப்போக்கு, சோம்பல், எரிச்சல்.

ஆற்றங்கரை: பார்த்தீங்களா? அகராதிப்படி "சோம்பல்" சரி. பிள்ளை சோம்பலா இருக்கான்னு எந்த அம்மாவாவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவாங்களா? "எரிச்சல்"னா கண்ணெரிச்சலா, வயித்தெரிச்சலான்னு கேப்பாங்க. "எழுப்பினாலும் அசந்து அசந்து கிடப்பது", "குழந்தை சமாதானமாகாமல் அழுதுகொண்டே இருப்பது"ன்னு எழுதுங்க.

மருந்துச்சீட்டு: சோம்பலை ஒத்துக்கறேன். அப்போ "தொடர்ச்சியான வாந்தி"யை "24 மணி நேரத்தில் மூணு தடவையாவது வாந்தி"ன்னு போட்டா இன்னும் தெளிவுதானே? அமெரிக்காவோட நோய்த் தடுப்பு மையமான சிடிசி அப்படித்தான் சொல்லுது.

ஆற்றங்கரை: இப்போ நீங்கதான் மாத்தறீங்க! புதுவரவு, உங்க ஆங்கில ஸ்லைடுல அந்த எண் இல்லைன்னா, அந்த டாக்டர்கிட்ட கேக்காம சேக்காதீங்க. "வாந்தி நிற்காமல் வருவது" போதும்.

இன்னொண்ணு, வலி மாத்திரை ஸ்லைடு. ஆங்கிலத்துல "கூடாது" முன்னாடியே சிவப்புல நிக்கும். தமிழ்ல "ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கொடுக்காதீர்கள்"னா மறுப்பு வினைக்குள்ள ஒளிஞ்சிருக்கு. வேகமா தள்ளிட்டுப் போறவன் கண்ணுல மாத்திரைப் படமும் பேரும்தான் படும். "வேண்டாம்"னு பெருசா மேல போட்டு, கீழ பேர்களை எழுதுங்க. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால்ங்கறதைத் தனி ஸ்லைடுல வைங்க, இதுல கலக்காதீங்க.

பிக்சல்பாண்டி: வேண்டாம்ங்கறதைச் சிவப்புல போட்டா கேக் ஆர்டர் குறையுமா?

புதுவரவு: 😂 மாத்தி எழுதிட்டேன். ஆங்கிலம் பார்க்காத என் அத்தைகிட்ட கொடுத்து, "இதுல என்ன சொல்லியிருக்கு, உங்க வாயால சொல்லுங்க"ன்னேன். "ஜுரம் விட்டாலும் ரெண்டு நாள் பார்த்துக்கணும், வாந்தி நிக்கலைன்னா ஆஸ்பத்திரி"ன்னாங்க. ஆனா "சிலருக்கு"வை அவங்க சொல்லவே இல்லை. ரெண்டாவது ஸ்லைடுல "சிலருக்கு ஆபத்து இனிமேல்தான்"னுதான் போட்டிருந்தேன்.

மருந்துச்சீட்டு: சின்ன எழுத்துல போட்டிருப்பீங்க. அதையே முதல் ஸ்லைடுக்குக் கொண்டு வாங்க.

ஆற்றங்கரை: முதல் ஸ்லைடுல போட்டா, நமக்கில்லைன்னு பாதிப்பேர் தள்ளிட்டுப் போயிடுவாங்க. ரெண்டாவதுலயே இருக்கட்டும், எழுத்தை மட்டும் பெருசாக்குங்க.

மருந்துச்சீட்டு: இதுல நான் உங்ககூட இல்லை. பயமுறுத்தித் தள்ள விடாம வைக்கறதும் தப்புதான்.