புதுப்பிப்பு: ஒரே டிவி, நான்கு பேர், சுவரில் ஒரு குறிப்பு

நான் முன்பு கேட்டது: "படம் பார்க்கும்போது டிவி தானாகவே கேம் கன்சோலுக்குத் தாவுகிறது. அறைத்தோழர்களுக்கு விதி எழுதினால் தீருமா?"

தீரவில்லை. கேபிளை மாற்றச் சொன்னவரின் பேச்சைக் கேட்டு 250 ரூபாய் வீண்.

HDMI கேபிள் வழியே ஒரு கருவி இன்னொன்றை இயக்க விடும் HDMI-CEC வசதிதான் காரணம் என்று சொன்னவர்தான் சரி. கன்ட்ரோலரில் யார் கை பட்டாலும் கன்சோல் விழித்து, டிவியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. டிவியில் அதை அணைத்தோம், சவுண்ட்பார் ஊமையானது. டிவியின் ஒலியை HDMI கேபிளிலேயே சவுண்ட்பாருக்கு அனுப்பும் ARC வசதியும் எங்கள் டிவியில் அதையே நம்பியிருக்கிறதாம். ஆகவே டிவியில் மீண்டும் போட்டுவிட்டு, கன்சோலின் அமைப்பில் மட்டும் அணைத்தோம். தாவல் நின்றது. விளையாடுபவர் ரிமோட்டில் HDMI 2-ஐத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். முடித்ததும் பழைய இடத்துக்கு மாற்ற வேண்டும். குறிப்பின் முதல் வரி அதுதான்.

இரவு 10 மணிக்கு மேல் ஒலி 12 என்று எழுதியிருந்தேன். வசனம் கேட்காமல் கூட்டுவார்கள், சண்டைக் காட்சி வந்ததும் நான் விழிப்பேன். சவுண்ட்பாரின் இரவு முறை இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைக் குறைக்கிறது. குறிப்பில் அந்த எண்ணை அடித்துவிட்டேன்.

ஓடிடி சந்தாதான் இழுபறி. ஒரே நேரத்தில் இரண்டு திரைதான். அதில் ஒன்று அறைத்தோழரின் ஊரிலிருக்கும் தம்பியிடம். பங்கு கேட்டால், "அவன் சின்னப் பையன்" என்கிறார்.