புதுப்பிப்பு: டிடிஎஸ் போக இன்னும் 360 ரூபாய் குறைந்தது ஏன்?

என் பழைய கேள்வி: “இரண்டு பில், ஜிஎஸ்டி 27,000 சேர்த்து மொத்தம் 1,77,000. ஜிஎஸ்டி நீங்கலான 1,50,000-க்கு 2% டிடிஎஸ் போக 1,74,000 வரணும். வங்கியில் 1,73,640தான் வந்திருக்கு. மீதி 360 எங்கே?”

வாடிக்கையாளரின் பேமென்ட் அட்வைஸ் வந்துவிட்டது. அதிலுள்ள யூடிஆர் எண்ணும் ஸ்டேட்மென்ட்டில் உள்ளதும் ஒன்றே. இங்கே ஆடிட்டர் ஐயா சொன்னபடி பில் வாரியாகப் பார்த்தேன். 59,000 பில்லுக்குப் பிடித்த 1,000 சரி. 1,18,000 பில்லுக்கு 2,360 பிடித்திருக்கிறார்கள். அதாவது, 18,000 ஜிஎஸ்டிக்கும் சேர்த்து! பில்லில் ஜிஎஸ்டி தனியாக இருந்தால் அதன்மேல் டிடிஎஸ் வேண்டாம் என 2017-ல் வந்த 23-ஆம் சுற்றறிக்கையே சொல்கிறது.

“வங்கிக் கட்டணம்னு எழுதிடுங்க” என்ற தம்பிக்கு: சின்னத் தொகைதான், ஆனால் இது நம் பான் எண்ணில் வரவாக வேண்டிய வரி. அரசு ஒப்பந்தத்தில் பிடித்த டிடிஎஸ் எங்கே தெரியும் என்று கேட்ட அண்ணா, உங்களுடையது ஜிஎஸ்டி டிடிஎஸ். அது ஜிஎஸ்டி தளத்தில்தான் தெரியும்.

சரி, வங்கியில் 1,73,640, டிடிஎஸ் வரவேண்டியதில் 3,360 என்று பதிந்து இரண்டு பில்லையும் முடித்துவிட்டேன். அவர்கள் காலாண்டு அறிக்கை தாக்கல் செய்த பிறகு 26AS-இல் 3,360 முழுதாக வருகிறதா என்று பார்க்கணும். அடுத்த பில்லில் திருத்துவார்களா என்று கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.