புதுப்பிப்பு: மின்தூக்கி அறிவிப்பைப் பதிந்துவிட்டேன்

நான் கேட்டிருந்தது: "எங்கள் அடுக்குமாடி புளோக்கின் அறிவிப்பைத் தமிழாக்கி வாய்ஸ் மெசேஜாகப் பேசினால் மூச்சு முட்டுகிறது. எங்கே வெட்டுவது?"

பழைய வரி இது: "பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்படவிருப்பதால் செவ்வாய்க்கிழமை காலை 9 மணி முதல் மதியம் 1 மணி வரை மின்தூக்கி இயங்காது." வானொலியில் செய்தி வாசித்த அக்கா சிரித்துவிட்டார். என்ன சேதி என்பது கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. அதற்குள் நேரம் காதைவிட்டுப் போய்விடும். அவர் பிரித்தது:

"செவ்வாய்க்கிழமை லிஃப்ட் ஓடாது. காலை ஒன்பது மணியிலிருந்து மதியம் ஒரு மணிவரை. பராமரிப்பு வேலை நடக்கிறது."

முழுக்கப் பேச்சுத்தமிழ் போதும் என்று இங்கே இன்னொருவர் சொன்னது பாதி சரி. "ஓடாதுங்க" என்று பதிந்ததும் மாமியார், "யாரோ விளையாடுறாங்க" என்றார். அறிவிப்பில் வரும் தொலைபேசி எண்ணை நான்கு நான்கு இலக்கமாக, இருமுறை சொன்னேன். மின்தூக்கியா லிஃப்டா என்று வீட்டில் இன்னும் சண்டை.