மீட்டர் மாட்டினா மட்டும் கரண்ட் குறையுது, யாருக்காச்சும் இப்படி ஆயிருக்கா?

ஈரோடு சர்வீஸ்

ஹாப் அடுப்பு வேலை பாக்குறவங்களுக்கு இந்த கம்ப்ளைண்ட் தெரிஞ்சிருக்கும், நாப அமுக்கிப் புடிக்கிற வரைக்கும் எரியுது, கைய எடுத்தா அணைஞ்சிடுது. இந்த மாதிரி ஒரு வீட்டுக்கு எங்க சீனியர் அண்ணனோட போயிருந்தேன். அவர், தீ சூட்டுல கரண்ட் குடுக்கிற தெர்மோகப்பிள்ல இருந்து, கேஸ திறந்து புடிக்கிற வால்வு மேக்னட்டுக்குப் போற டேக்க கழட்டி, நடுவுல மல்டிமீட்டர 10 ஆம்ப் ரேஞ்சுல சீரியஸா மாட்டினார். தீ நல்லா சுட்ட பிறகும் 0.14தான் காட்டுச்சு, மேக்னட் புடிக்கவே இல்ல. "அரை ஆம்ப் வரணும், கப்பிள் போச்சு"ன்னு சொல்லி புதுசு எடுத்தார்.

புதுசையும் அதே மீட்டரோட மாட்டினா 0.15! அவரும் ஒண்ணும் பேசல. மீட்டர எடுத்துட்டு டைரக்டா போட்டோம், கிளிக்னு புடிச்சிருச்சு. அப்புறம் நான் சும்மா பழைய கப்பிளோட டேக்க துணியால துடைச்சு டைரக்டா போட்டுப் பாத்தேன், அதுவும் புடிச்சுது. ஆனா அதுக்குள்ள பில் போட்டாச்சு, அந்த அம்மா காசு எண்ணிக் குடுத்தாங்க. நல்ல பார்ட்டுக்கு காசு வாங்கின மாதிரி ஆயிருச்சேன்னு இன்னிக்கும் மனசு கேக்கல. மீட்டர்தான் பொய் சொல்லுச்சா?

காருக்காரன்

தம்பி இது மீட்டர் பிரச்சனைதான். சந்தைல கிடைக்கிற மலிவு மீட்டர வச்சு கரண்ட் பாக்காதீங்க, நல்லதா வாங்கி வருஷம் ஒருக்கா கேலிப்ரேஷன் பண்ணுங்க. நான் பேட்டரி டிரெயின் கம்ப்ளைண்ட்டுக்கு தினமும் சீரியஸாதான் மீட்டர் போடுறேன், 50 மில்லிஆம்ப்னா 50தான் காட்டுது, வேற ரேஞ்ச் மாத்தினாலும் ஏறக்குறைய அதேதான்.

டிரெயின் பாக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். நெகட்டிவ் கேபிள கழட்டுறதுக்கு முன்னாடியே ஒரு ஜம்பர் வயர் போட்டு பாலம் குடுத்துடுங்க, அதுக்கப்புறம் மீட்டர மாட்டிட்டு ஜம்பர எடுங்க. இல்லன்னா வண்டியோட கம்ப்யூட்டர், ஈசியூ எல்லாம் முழிச்சுக்கும், அது திரும்ப தூங்குற வரைக்கும் ரீடிங் ஆம்ப் கணக்குல நிக்கும், அத பாத்துட்டு டிரெயின்னு முடிவு பண்ணிடுவாங்க. மில்லிஆம்ப் சாக்கெட்ல போட்டுட்டு கதவ திறந்தா உள்ள லைட் எரிஞ்சு மீட்டர் ஃபியூஸ் போயிரும். பானெட் லாக்க ஸ்க்ரூடிரைவரால மூடி வைங்க, சாவிய தூரமா வைங்க, அரைமணி நேரம் பொறுங்க. அவசரப்பட்டு ஃபியூஸ் ஒவ்வொண்ணா புடுங்க வேண்டாம், ஃபியூஸ் மேலயே மில்லிவோல்ட் பாத்தா போதும்.

திருச்சி லேப்

காருக்காரன் அண்ணா, உங்க கேஸ்ல உங்க ரீடிங் சரி, ஆனா அதுக்கு காரணம் மீட்டர் நல்லதுங்கிறது இல்ல. 12 வோல்ட்ல 50 மில்லிஆம்ப் ஓடுதுன்னா அந்த லூப்போட ரெசிஸ்டன்ஸ் சுமார் 240 ஓம். உங்க மீட்டர், ஃபியூஸ், லீடு எல்லாம் சேந்து 2 ஓம் நுழைஞ்சாலும் ஒரு சதவீதம் கூட அசையாது. ஈரோடு தம்பி மாட்டினது அப்படிப்பட்ட சர்க்யூட் இல்ல.

தம்பி கணக்கப் பாருங்க. தீயில சுட்ட ஒரு தெர்மோகப்பிள் திறந்த நிலைல சுமாரா 25 மில்லிவோல்ட் குடுக்கும், மாடலுக்கு மாடல் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். அவ்வளவு சின்ன வோல்டேஜ்ல அரை ஆம்ப் ஓடணும்னா மொத்த லூப்பும் 0.05 ஓமுக்குள்ள இருந்தாகணும், கப்பிள், மேக்னட் காயில், டேக் எல்லாம் சேத்து. இப்ப அதுக்குள்ள மீட்டர விடுறோம். மீட்டர் உள்ள கரண்ட அளக்கிற ரெசிஸ்டர், அதாவது 10 ஆம்ப் ஷன்ட், வெறும் 0.01 ஓம்தான் இருக்கும், ஆனா லீடு ரெண்டும் முதலைக் கிளிப்பும் சேந்து 0.1 ஓம் ஈஸியா வந்துரும், ஃபியூஸும் சாக்கெட்டும் இன்னொரு 0.02. ஆக 0.13 ஓம் புதுசா சேந்துருச்சு. லூப் 0.05 இருந்தது 0.18 ஆச்சு, 25 மில்லிவோல்ட்ட அதால வகுத்தா 0.14 ஆம்ப். நீங்க பாத்த அதே நம்பர்.

மீட்டர் பொய் சொல்லல. அந்த நேரத்துல உண்மையாவே 0.14தான் ஓடுச்சு, அதனாலதான் மேக்னட்டும் புடிக்கல. கேலிப்ரேஷன் லேப்ல வேலை பாக்குறவங்கிற முறைல சொல்றேன், இந்த மீட்டர எங்க கிட்ட அனுப்பினா பாஸ் ஆகித்தான் திரும்பும்.

துணியால துடைச்சதும் பழைய கப்பிள் புடிச்சுது பாருங்க, அதுவும் இதே விஷயந்தான். டேக்ல படிஞ்ச கரி 0.05 ஓம் சேத்தா போதும், கரண்ட் பாதியாயிரும். உங்க சீனியர் தேடிப் போன கோளாறும் அவர் மாட்டின மீட்டரும் சர்க்யூட்டுக்கு ஒண்ணேதான், நடுவுல ஒரு ரெசிஸ்டன்ஸ்.

ஈரோடு சர்வீஸ்

அக்கா அப்போ கரண்ட் பாக்கவே முடியாதா? கஸ்டமர் கிட்ட பார்ட் போச்சுன்னு சொல்றதுக்கு ஏதாவது ஒரு நம்பர் வேணுமே.

திருச்சி லேப்

லூப்ப பிரிக்காதீங்க. டேக் எல்லாம் மாட்டினபடியே இருக்கட்டும், மீட்டர டிசி 200 மில்லிவோல்ட்ல வச்சு மேக்னட் காயிலோட ரெண்டு முனைலயும் தொடுங்க. வோல்ட்மீட்டர் பக்கம் மெகாஓம் கணக்குல இருக்கிறதால அது ஒண்ணையும் குறைக்காது. காயில் 0.02 ஓம்னா அரை ஆம்புக்கு 10 மில்லிவோல்ட் வரும். அதுக்கப்புறம் அடுப்ப அணைச்சுட்டு பாத்துக்கிட்டே இருங்க, மில்லிவோல்ட் மெதுவா இறங்கும், மேக்னட் விடுற கிளிக் எந்த நம்பர்ல கேக்குதுன்னு எழுதி வைங்க. எரியும்போது வர்ற நம்பருக்கும் கிளிக் நம்பருக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி இருக்குங்கிறதுதான் அந்த அடுப்போட ஆரோக்கியம்.

தனியா கழட்டின கப்பிள்ல 25 வருது, மாட்டின பிறகு காயில்ல 4தான் வருதுன்னா கப்பிள உடனே குத்தம் சொல்லாதீங்க, முதல்ல டேக்கையும் நட்டையும் சுத்தம் பண்ணுங்க. அதுக்கப்புறமும் ஏறலன்னா கப்பிளோட உள்ள ஜாயிண்ட் போயிருக்கலாம்.

போர்டு பையன்

எனக்கும் இதேதான்!! ஈஎஸ்பி32 போர்டு ஒண்ணு 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரில ஓடுது, எவ்வளவு இழுக்குதுன்னு பாக்க பேட்டரி லைன்ல மில்லிஆம்ப் ரேஞ்ச் போட்டேன், வைஃபை ஆன் ஆகுற நொடில ஸ்க்ரீன்ல

```
Brownout detector was triggered
```

அப்படின்னு வந்து ரீஸ்டார்ட், திரும்ப வைஃபை, திரும்ப ரீஸ்டார்ட், விடிய விடிய அதான். வயர் லூஸ்னு நினைச்சு சால்டர் எல்லாம் திரும்ப வச்சேன், மீட்டர எடுத்தா தங்கமா ஓடுது. நீங்களும் லீட மாத்திப் பாருங்க, ஒருவேளை லீடு லூஸா இருக்கும்.

திருச்சி லேப்

லீடு லூஸ் இல்லப்பா, லீடு நல்லா இருந்தாலும் இதேதான் நடக்கும். மில்லிஆம்ப் ரேஞ்ச்ல ஷன்ட் ஒரு ஓமுக்கு மேலயே இருக்கும், ஃபியூஸோட சேத்து 2 ஓம்னு வச்சுக்கோ. வைஃபை ஒரு நொடி 400 மில்லிஆம்ப் இழுத்தா 0.8 வோல்ட் மீட்டர்லயே போயிரும். 3.7ல மிச்சம் 2.9, ரெகுலேட்டர் தன் பங்குக்கு கொஞ்சம் எடுக்கும், சிப்புக்கு போய்ச் சேர்றது பத்தாது.

10 ஆம்ப் சாக்கெட்ல போட்டா போர்டு ஓடும், ஆனா கடைசி இலக்கம் 10 மில்லிஆம்ப், ஸ்லீப் கரண்ட் கண்ணுக்கே தெரியாது. மைக்ரோஆம்ப் ரேஞ்ச்ல 100 ஓமோ அதுக்கு மேலயோ இருக்கும், போர்டு எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது. நீ மீட்டருக்கு இணையா ஒரு சுவிட்ச் வச்சுக்கோ, போர்டு முழிச்சிருக்கும்போது சுவிட்ச் ஆன், தூங்கின பிறகு ஆஃப் பண்ணி மைக்ரோஆம்ப் பாரு.

பிசிக்ஸ் சார்

பிளஸ் டூ பிராக்டிகல் எடுக்கிறவன். 1 ஓம் காயில் வச்சு ஓம் விதி போடச் சொன்னா, பசங்க முதல்ல வோல்டேஜ ரெசிஸ்டன்ஸால வகுத்து கரண்ட் எதிர்பார்ப்பாங்க, அம்மீட்டர் குறைவா காட்டினதும் அடிச்சுத் திருத்தி எழுதுவாங்க. ஒரு பொண்ணு மட்டும் திருத்தாம நோட்ட நீட்டி "சார் என் காயில் 1.2 ஓம்"னு நின்னுச்சு, வோல்ட்மீட்டர காயிலுக்கு மட்டும் போடாம அம்மீட்டரையும் சேத்து போட்டிருந்துச்சு. இணைப்ப மாத்தினதும் 1 வந்துருச்சு. அதனால லேப் மேடத்துக்கு ஒரு சின்ன மறுப்பு, அம்மீட்டர் சர்க்யூட்ட மாத்துறது எல்லா நேரமும் தப்புல போய் முடியாது. ரெசிஸ்டன்ஸ்தான் வேணும்னா, வோல்ட்மீட்டர் காயிலுக்கு மட்டும் இருந்தா எவ்வளவு கரண்ட் குறைஞ்சாலும் கவலையில்ல.

கரண்ட்தான் வேணும்னா அதுக்கும் வழி இருக்கு. ஒரே மாதிரி ரெண்டு மீட்டர் எடுங்க. ஒண்ணு போட்டு I1 எழுதுங்க, ரெண்டாவதையும் சீரியஸா போட்டு I2 எழுதுங்க. மீட்டரே இல்லாதப்ப ஓடின கரண்ட்:

```
I = (I1 × I2) / (2 × I2 − I1)
```

மீட்டரோட ரெசிஸ்டன்ஸ் எவ்வளவுன்னு தெரியவே வேண்டாம். தம்பி அடுப்புல இத போட்டுப் பாக்கலாம்.

திருச்சி லேப்

சார், ரெசிஸ்டன்ஸ் பத்தி நீங்க சொன்னத முழுசா ஒத்துக்கிறேன். ஃபார்முலாவும் சரி, ஆனா அடுப்புல வேலைக்கு ஆகாது. முதல் மீட்டர்ல 0.14, ரெண்டும் போட்டா 0.08. உங்க கணக்குப்படி 0.56 வரும், உண்மை அரை ஆம்புக்கு பக்கம்னு தோணும். அதே முதல் ரீடிங் கடைசி இலக்கத்துல ஒண்ணு கூடி 0.15ஆ இருந்தா விடை 1.2 ஆம்ப்! கீழ 2 × I2ம் I1ம் கிட்டத்தட்ட ஒண்ணாயிருது, ஒரு இலக்க ஆட்டம் மொத்தத்தையும் தூக்கி அடிக்குது. மீட்டரோட ரெசிஸ்டன்ஸ் லூப்ப விட சின்னதா இருக்கிற இடத்துல நீங்க சொன்னது நல்லா வரும். அங்கயும் ரெண்டு லீடும் ஒரே நீளமா இருக்கணும், மீட்டர்கள் ஆட்டோ ரேஞ்ச்ல இருக்கக் கூடாது, ரேஞ்ச் தாவினா ஷன்ட்டே மாறிடும்.

பிசிக்ஸ் சார்

மூணு தசம இலக்கம் காட்டுற மீட்டர் வச்சா என்ன மேடம்? 0.139, 0.081 போட்டா 0.49 வருதே.

திருச்சி லேப்

வரும் சார். ஆனா முதலைக் கிளிப்ப எடுத்து திரும்ப மாட்டினாலே 0.01 ஓம் மாறும், மூணாவது இலக்கம் அங்கேயே போச்சு.

காருக்காரன்

240 ஓம் கணக்கு புரிஞ்சுது மேடம், சரிதான். ஆனா ஃபியூஸ் மேல மில்லிவோல்ட்னு நானும் மேல சொல்லியிருக்கேன், நீங்க தம்பிக்கு சொன்ன வழியும் அதான். இன்னொண்ணு, வயர சுத்திக் கவ்வி அளக்கிற டிசி கிளாம்ப் போட்டா சர்க்யூட்ட தொடவே வேண்டாமே?

ஈரோடு சர்வீஸ்

அண்ணா கிளாம்ப் ட்ரை பண்ணேன். எங்க கடைல இருக்கிறது பாதி ஏசி மட்டும் பாக்குறது, அதுல ஒண்ணும் வராது. டிசி கிளாம்ப்ல ஜீரோ அடிச்சுட்டு கைல திருப்பினாலே 0.03 ஆடுது, அரை ஆம்ப்ல அத நம்ப முடியல. கப்பிள் வயர் செம்புக் குழாய் மாதிரி தடிமனா இருக்கு, அஞ்சு சுத்து சுத்தி பெருக்கவும் முடியாது.

அக்கா சொன்ன மில்லிவோல்ட் முறைய நேத்து ஒரு அடுப்புல போட்டேன், எரியும்போது 9.6, நட்ட லேசா தளர்த்தினதும் 5க்கு கீழ போயிருச்சு, திரும்ப இறுக்கினா ஏறிடுச்சு. கண்ணு முன்னாடி தெரியுது. சுத்துறதுக்குன்னு 2.5 ஸ்கொயர் வயர் அரை மீட்டர் நடுவுல சேத்தா கிளாம்ப் போடலாமா?

திருச்சி லேப்

அரை மீட்டர் 2.5 ஸ்கொயர் செம்புக்கு சுமார் 0.0035 ஓம், 0.05ல ஏழு சதவீதம், கரண்ட் அந்த அளவுக்கு குறையும். வயர் தாங்கும், நீங்க போடுற ரெண்டு லக்குதான் சந்தேகம். நான் அப்படி செஞ்சு பாத்ததில்ல, லக்க கிரிம்ப் பண்ணி, சேக்குறதுக்கு முன்னாடி காயில்ல எவ்வளவு மில்லிவோல்ட், சேத்த பிறகு எவ்வளவுன்னு ரெண்டையும் இங்க போடுங்க.