முதுகலை விண்ணப்பக் கடிதம் உயிரில்லாமல் இருக்கிறது, உதவி தேவை

கரைமேடு: வணக்கம். விண்ணப்பக் கடிதத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதி வாங்கினேன். பிழை எதுவும் இல்லை. ஆனால், "இதை யார் பெயரில் வேண்டுமானாலும் அனுப்பலாம்" என்கிறான் நண்பன். வியாழக்கிழமை கடைசி நாள். கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது; முதல் பத்தியின் சாரம் இது: "சிறு வயது முதலே நீர்வளத்தில் எனக்குத் தீராத ஆர்வம். வேகமாக மாறிவரும் உலகில் அதன் மேலாண்மை மிக இன்றியமையாதது. புகழ்பெற்ற உங்கள் நிறுவனம் என் கனவுகளை நனவாக்கும்." எப்படித் திருத்துவது?

தென்றல்: எந்த நாடு? என்ன படிப்பு? எத்தனை பக்கம்?

திண்ணைவாசி: நான் கூட்டுறவு வங்கி வேலைக்கு மூன்று வரிதான் எழுதினேன், நேர்காணலுக்கு அழைத்தார்கள். சுருக்கமாக எழுதுங்கள் தம்பி.

பழுப்புக்காகிதம்: அவர் கேட்பது வேலைக்கு அல்ல, படிப்புக்கு. நாடும் படிப்பும் சொல்லாமல் உதவி கேட்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது? வினைச்சொற்களை எளிமையாக்குங்கள், அடைமொழிகளை வெட்டுங்கள். அடிப்படைப் பயிற்சி இருந்தால் இந்தக் கேள்வியே வராது.

கரைமேடு: மன்னிக்கவும். ஜெர்மனி, நீர்வளப் பொறியியல், இரண்டு பக்கத்துக்கு மிகாமல். ஏ.பி.எஸ். சான்றிதழ் வந்துவிட்டது. நான் சிவில். இறுதியாண்டில் எங்கள் பக்கத்துக் கண்மாய் ஒன்றின் வண்டலை அளந்தோம். சுயவிவரத்தில் ஒரு வரியாக அது இருக்கிறது.

நீர்மட்டம்: அந்த ஒரு வரிதான் உங்கள் கடிதம். அடைமொழிகளை வெட்டினால் வெறும் எலும்புதான் மிஞ்சும்; உள்ளே வைக்க விஷயம் வேண்டும். எப்போது அளந்தீர்கள், எதைக் கொண்டு? எதிர்பாராமல் என்ன தெரிந்தது? எந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை? செயலியைத் திறக்காமல், நண்பரிடம் பேசுவதுபோல் தமிழில் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அதைக் கேட்டு இங்கே எழுதுங்கள்.

சோலைக்குயில்: இதெல்லாம் எதற்கு? வேண்டுமென்றே இரண்டு இலக்கணப் பிழை விடுங்கள். பிறகு கண்டறியும் மென்பொருளில் போட்டுப் பாருங்கள். "மனிதர் எழுதியது" என்று வந்தால் அனுப்பிவிடலாம்.

தென்றல்: அந்த மென்பொருளை நம்பாதீர்கள். 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய டோஃபல் கட்டுரைகளில் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியதாகக் காட்டியது. ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாதென்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது.

சோலைக்குயில்: அது பழைய கதை. இப்போது மேம்பட்டிருக்கும். தேர்வுக் குழு அதைப் பயன்படுத்தினால் என்ன செய்வீர்கள்?

பழுப்புக்காகிதம்: பிழை விட்டால் அக்கறையில்லாதவர் என்றுதான் நினைப்பார்கள். இதில் தென்றல் சொல்வதே சரி.

கரைமேடு: பதிவு செய்து கேட்டேன். மே மாதம் கண்மாய் வற்றியிருந்தது. லெவல் கருவியை வைத்து 20 மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்தோம். மடையின் அடிமட்டத்தைவிட அதன் வாசலில் வண்டல் 45 செ.மீ. உயரமாக இருந்தது. அதற்கப்பால் பள்ளத்தில் தண்ணீர் நின்றாலும் மடைக்கு வராது. ஆயக்கட்டு விவசாயி ஒருவர் இதை முதல் நாளே சொன்னார், நாங்கள் நம்பவில்லை. வண்டல் வரத்துக்கால்வாய் வழியாக வருகிறதா, கரை சரிந்து சேர்கிறதா என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

நீர்மட்டம்: அருமை. இனி முதல் பத்தி இப்படித் தொடங்கலாம்: "மடை வாசலில் வண்டல் 45 செ.மீ. மேடாக நிற்பதை நாங்கள் அளந்தபோது, அதை ஒரு விவசாயி ஏற்கெனவே சொல்லியிருந்தார். அது எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் எங்களால் சொல்ல முடியவில்லை." அடுத்த பத்தியில், அந்தப் படிப்பின் பாடத்திட்டத்தில் வண்டல் நகர்வு பற்றிய தாள் இருக்கிறதா என்று பார்த்து, அதன் பெயரை அப்படியே எழுதுங்கள். விடை கிடைக்காத கேள்வியும் அந்தத் தாளும் சேர்ந்தால்தான் 'ஏன் இந்தப் படிப்பு' என்பது விளங்கும். தாள் இல்லையென்றால் இருப்பதாக எழுதவேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள். 45 என்ற எண் உங்கள் திட்ட அறிக்கையிலும் அதேபோல் இருக்க வேண்டும். திருத்தி முடித்ததை மறுபடி செயலியில் கொடுத்து "மெருகேற்று" என்று கேட்காதீர்கள். அந்த விவசாயியைத்தான் அது முதலில் நீக்கும். ஆங்கிலப் பிழை பார்க்க ஓர் ஆளிடம் கொடுங்கள்.

பழுப்புக்காகிதம்: விவசாயியை முதல் பத்தியிலேயே கொண்டுவருவது கதைபோல் ஆகிவிடும். ஜெர்மனியில் தேர்வு செய்பவர்கள் பாடத்தகுதியைத்தான் முதலில் தேடுவார்கள். இரண்டாம் பத்திக்குத் தள்ளுங்கள்.

நீர்மட்டம்: ஒப்பவில்லை. ஒரே வாக்கியம்தான், அதில் அளவும் இருக்கிறது. பாடத்தகுதி மதிப்பெண் பட்டியலிலேயே தெரியும்.

தென்றல்: கடிதத்தில் எங்காவது "கனவுகளை நனவாக்கும்" இன்னும் இருக்கிறதா? அதையும் பாருங்கள்.

கரைமேடு: வண்டல் நகர்வுத் தாள் இரண்டாம் பருவத்தில் இருந்தது, எழுதிவிட்டேன். விவசாயி முதல் பத்தியில்தான் இருக்கிறார். நேற்றிரவு அனுப்பினேன். நன்றி அனைவருக்கும்.