வட்டி உச்சவரம்பா, உச்சக் காப்பா?

செ. எழுதியது:
இன்டரெஸ்ட் ரேட் கேப் என்பதை ‘வட்டி உச்சவரம்பு’ என்று தமிழாக்கியிருக்கிறேன். மூலத்தில் அது வட்டி வீதத்தின் மேலான கால் ஆப்ஷன்களின் தொடர் என்று வருகிறது. ‘வாங்கும் உரிமைகளின் தொடர்’ என்று எழுதினால் சரியா?

க. எழுதியது:
உச்சவரம்பு என்றால் நில உச்சவரம்புச் சட்டம்தான் நினைவுக்கு வருகிறது. இங்கே வட்டியை யாரும் தடுப்பதில்லை. கடன் கொடுத்தவருக்கு முழு வட்டியும் போய்விடும். வீதம் ஒப்பந்தத்தில் குறித்த கோட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதியைக் கேப்பை விற்றவர் கடனாளிக்குத் தருகிறார். ‘வட்டி உச்சக் காப்பு’ எனலாமே. ‘வாங்கும் உரிமை’யும் இடிக்கிறது, எதையும் வாங்குவதில்லை, வீதம் ஏறினால் பணம் வருகிறது, அவ்வளவுதான்.

பா. எழுதியது:
என் வீட்டுக் கடன் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வீதத்தோடு கட்டியது. 2022 மே தொடக்கத்தில் 4% இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5% ஆகிவிட்டது. அந்தக் காப்பை வங்கியில் கேட்டிருக்கலாமோ?

தி. எழுதியது:
அக்கா, இது கடன் பத்திரத்தோடு சேர்ந்து வருவதில்லை. முன்பணம் கட்டித் தனியாக வாங்குவது, பெரும்பாலும் நிறுவனங்கள்தான் வாங்கும். ஆனால் க. ஐயா, ‘தொடர்’ எதற்கு? கடன் காலம் முழுவதற்கும் சராசரி வட்டி பார்த்து, கோட்டை மிஞ்சினால் ஈடு. ஒரே ஆப்ஷன்தானே?

க. எழுதியது:
இல்லை தம்பி, தொடர் என்பதில்தான் லாபமே இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு கட்டடத்துக்கு 1 கோடி டாலர் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி, அங்குள்ள அடிப்படை வட்டி வீதமான சோஃபரோடு 2.5% சேர்த்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். கோடு 3%. ஒரு காலாண்டில் சோஃபர் 5%. மிகை 2%, ஈடு சுமார் 50,000 டாலர். அடுத்த காலாண்டில் சோஃபர் 1%. ஈடு இல்லை, கடனாளி 3.5% மட்டும் கட்டுகிறார். நீங்கள் சொல்லும் சராசரி 3%, அதாவது பைசா வராது. ஒவ்வொரு காலாண்டும் தனி ஆப்ஷன் என்பதால் முதல் 50,000 கையில் நிற்கிறது. இதே 3 சதவீதத்தில், மாறும் வட்டியை நிலையான வட்டியாக மாற்றிக்கொள்ளும் ஸ்வாப் போட்டிருந்தால் இரண்டாம் காலாண்டில் அதைத் திருப்பிக் கொடுத்திருப்பார். கேப்பில் கொடுத்த முன்பணம் மட்டும்தான் போகும். இன்னொன்று: இரண்டு வருடக் கடனில் முதல் காலாண்டு வட்டி ஏற்கெனவே தெரிந்துவிடுவதால், எட்டுக்குப் பதில் பொதுவாக ஏழு ஆப்ஷன்தான்.

தி. எழுதியது:
சரி, சராசரி என்றது என் தப்பு. அப்படியென்றால் அந்த ஒவ்வொன்றுக்கும், கேப்லெட்டுக்கும், பெயர் வேண்டுமே. ‘குறுங்காப்பு’?

க. எழுதியது:
அது காலம் குறைந்த காப்பு என்று படுகிறது. சங்கிலிக் கண்ணி மாதிரி ‘காப்புக் கண்ணி’ எனலாம்.

செ. எழுதியது:
கண்ணி என்றால் பொறியும்தானே? இப்போதைக்கு ‘வட்டி உச்சக் காப்பு’ என்று மாற்றிவிடுகிறேன், கால் ஆப்ஷன் அப்படியே இருக்கட்டும். கேப்லெட்டுக்கு வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கிறேன்.