சந்தை “பிரெட்த்”துக்குத் தமிழ்ல என்னெண்டு எழுதுற?

கல்லடியிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழம பங்குச் சந்தை ரெண்டரைக்குப் பூட்டின பிறகு எங்கட வாடிக்கையாளருக்குத் தமிழ்ல ஒரு பக்கக் குறிப்பு எழுதுறது என்ட வேல, அந்தக் கிழம சுட்டெண் எவ்வளவு ஏறினது, ஏன் ஏறினது, பயப்பிட ஒண்டுமில்ல, இவ்வளவுதான். போன கிழம அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஏறித்து எண்டு “நல்ல கிழம” எண்டு தொடங்கிட்டன். சனிக்கிழம காலையில களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ரீச்சர் கோல் எடுத்து, “மகள், ஆருக்கு நல்ல கிழம? என்ட பத்துல எட்டு இறங்கிக் கிடக்கு” எண்டு கேட்டா. பார்த்தா அவ சொல்றதுதான் சரி. சுட்டெண்ணைத் தூக்கினது ரெண்டு மூணு பெரிய பங்குக் கவுண்டர், மத்ததுகள் கூடுதலா இறக்கம். இங்கிலீஷ் குறிப்புல இதை “மார்க்கெட் பிரெட்த்” எண்டு ஒரு சொல்லோட முடிச்சிருவாங்க. எனக்குத் தமிழ்ல அப்பிடி ஒரு சொல் வேணும். “சந்தை அகலம்” எண்டு எழுதிப் பார்த்தன், கல்முனைப் பஸாரட நீளம் அகலம் அளக்கிற மாதிரி இரிக்கி.

கல்முனையிலிருந்து:

தங்கச்சி, இதுக்குப் புதுச் சொல் தேவையில்ல, ஏ.எல் கணிதத்தில “பரம்பல்” இரிக்கிதானே, அதைப் போடுங்க. அல்லது சொல்லே வேண்டாம், எல்லாக் கவுண்டர்ட மாற்றத்தையும் கூட்டிப் பிரிச்சு சராசரியக் குடுங்க, உண்மை தெரிஞ்சிரும்.

வாழைச்சேனையிலிருந்து:

நீங்க கேக்கிறது வாங்கிற விலைக்கும் விக்கிற விலைக்கும் நடுவுல இரிக்கிற இடைவெளியத்தானே? நெல்லுல அதை நாங்க சும்மா “வித்தியாசம்” எண்டுதான் சொல்லுவம். ஆனா அந்த வித்தியாசம் பொல்லாத ஒண்டு, நான் 2021ல எல்லாரும் வாங்கிறாங்க எண்டு ஒரு கவுண்டர் வாங்கி இண்டைக்கும் விக்க ஏலாமக் கிடக்கன், கேக்கிறவன் கேக்கிற விலைக்கு நான் குடுக்கமாட்டன், நான் சொல்ற விலைக்கு ஆளில்ல. இதையும் ஒருக்கா அந்தக் குறிப்புல எழுதுங்க.

அக்கரைப்பற்றிலிருந்து:

வாழைச்சேனைக் காக்கா, நீங்க சொல்றது வேற ஒண்டு, அது ஒரு கவுண்டருக்குள்ள இரிக்கிற இடைவெளி. தங்கச்சி கேக்கிறது ஏற்றம் எத்தின கவுண்டருக்குப் போய்ச் சேந்தது எண்டு. ஆனா நீங்க 2021 எண்டதும் ஞாபகம் வருது, அந்த நாள்ல எக்ஸ்போலங்கா, எல்ஓஎல்சி மாதிரிச் சிலதுதான் சுட்டெண்ணை இழுத்துக்கொண்டு போனது, நான் அப்ப கொழும்புல தரகர் கந்தோர்ல இருந்தனான்.

கல்முனை சேர் சொன்ன சராசரி பாதிச் சரி. ஏன் பாதி எண்டு சின்னக் கணக்காப் பாருங்க. பத்துக் கவுண்டர், மொத்தச் சந்தைப் பெறுமதி 100 பில்லியன் எண்டு வைப்பம். ஒண்டு மட்டும் 30 பில்லியன், மத்த ஒம்பதும் சேந்து 70. பெரிசு 5 சதவீதம் ஏறுது, அது ஒண்டரை பில்லியன். ஒம்பதும் ஒவ்வொரு சதவீதம் இறங்குது, அது 0.7 பில்லியன். மிச்சம் 0.8 கூடியிரிக்கி, சுட்டெண் 0.8 சதவீதம் ஏற்றம். பத்துல ஒம்பது இறக்கம். அனைத்துப் பங்குச் சுட்டெண் பெறுமதிய வச்சு நிறை போடுறதால வாற வேலை இது. வெளியில வாங்க விக்கக் கிடைக்காம முதலாளிமாரிட்டப் பூட்டிக் கிடக்கிற பங்கையும் அது எண்ணும், அதனால பெரிய கொம்பனி ஒண்டுல கொஞ்சப் பங்கு கை மாறினாலே சுட்டெண் ஆடும்.

சேர்ட சராசரிப்படி பார்த்தா 0.4 இறக்கம், அது உண்மைக்குக் கிட்டத்தான் வருது. ஆனா ஒரு ரூபாப் பங்கு பத்துச் சதம் ஏறினா அது பத்துச் சதவீதம், அப்பிடிச் சில்லறைக் கவுண்டர் நாலு கூடினாலே சராசரி பொய் சொல்லும். அதனால எண்ணுறதுதான் நல்லம், எத்தின ஏறினது எத்தின இறங்கினது எத்தின அசையல்ல. “பரம்பல்” எண்டா எது எவ்வளவு மாறினது எண்ட முழுப் படம், இதுக்கு அது பொருந்தாது.

அம்பாறை, திருக்கோவிலிலிருந்து:

எனக்குப் “பரவல்” எண்டு தோணுது. வானிலை அறிவிப்புல “பரவலாக மழை”, “ஓரிரு இடங்களில் மழை” எண்டு சொல்றாங்கதானே, அதேதான் இது. உன்னிச்சைப் பக்கம் கொட்டோ கொட்டெண்டு கொட்டி வவுணதீவுல ஒரு துளி இல்லாட்டி, மாவட்டச் சராசரியச் சொல்லி ஆருக்கு என்ன பிரயோசனம்? “ஏற்றம் பரவலா இல்ல” எண்டு எழுதினா எங்கட பொம்பிளயளுக்கும் விளங்கும்.

கல்முனையிலிருந்து:

பரவல் எண்டா கொரோனாதான் ஞாபகம் வருது. ஆக்கள் பயப்பிடாம வாசிக்கத்தானே தங்கச்சி எழுதுறா, “சந்தைப் பரவல் குறைவு” எண்டு தலைப்புப் போட்டா எதோ தொத்து நோய் எண்டு நினைப்பாங்க. அதோட இந்தியாவுல புள்ளிவிபரத்தில பரவல் எண்டுதான் நம்மட பரம்பலைச் சொல்றாங்க, ரெண்டும் குழம்பும்.

திருக்கோவிலிலிருந்து:

தனியப் “பரவல்” எண்டு விட்டாத்தான் அந்தப் பயம் சேர். “ஏற்றப் பரவல்” எண்டு சேத்து எழுதினா என்ன குழப்பம்? நோய் எண்டு நினைக்கிறவருக்கு “ஏற்றம்” எண்ட சொல் கண்ணுல படாதா?

கல்லடியிலிருந்து:

ஏற்றப் பரவல் எனக்குப் பிடிச்சிரிக்கி, ஆனா இறங்கின கிழமையில என்ன செய்ற, “இறக்கப் பரவல்” எண்டா? கேக்கவே ஒரு மாதிரி. அதை விடுவம், எனக்கு வேறொரு சந்தேகம். நாளாந்த அறிக்கையில ஏறினது இறங்கினது எண்ணிக்கை போடுறாங்கதானே, அஞ்சு நாளையும் கூட்டிப்போட்டா கிழமைக்குரிய எண் வந்திருமா?

அக்கரைப்பற்றிலிருந்து:

ஐயோ வேண்டாம், இதுலதான் கனபேர் பிழை விடுறது. ஒரு கவுண்டர் நாலு நாளைக்குப் பத்துப் பத்துச் சதம் ஏறி வெள்ளிக்கிழம ஒரு ரூபா இறங்கினா, கூட்டினீங்கெண்டா நாலு ஏற்றம் ஒரு இறக்கம். ஆனா கிழமைக்கு அது அறுவது சதம் நட்டம். போன வெள்ளிக்கிழம பூட்டின விலையையும் இந்த வெள்ளிக்கிழம பூட்டின விலையையும் பக்கத்தில பக்கத்தில வச்சு ஒவ்வொண்டாப் பாருங்க, வெள்ளி போயா எண்டா அதுக்கு முந்தின வியாபார நாளை எடுங்க.

மறுகா ரெண்டு விஷயம். கொம்பனியையும் கவுண்டரையும் ஒண்டாக்கி எழுதாதீங்க, கொமர்ஷல் வங்கியில COMB.N0000 வாக்குரிமையுள்ள பங்கு, COMB.X0000 வாக்குரிமையில்லாதது, வங்கி ஒண்டுதான் ஆனா எண்ணும்போது ரெண்டு. “இத்தின கொம்பனி இறங்கினது” எண்டு எழுதினா பிழை. அடுத்தது, பங்கிலாப உரிமை கழிஞ்ச நாள் விலை அந்தளவுக்குக் குறையும், பங்கை உடைச்சாலும் குறையும். அதை இறக்கமா எண்ணினா ரீச்சர் திரும்பவும் கோல் எடுப்பா, காசு அவட கணக்குக்கு வந்த பிறகு. அசையாததை விடாதீங்க, எங்கட சந்தையில கிழமை முழுக்க வியாபாரமே நடக்காத கவுண்டரும் இரிக்கி, அது அமைதி இல்ல, ஆளில்லாம.

கல்லடியிலிருந்து:

நல்ல காலம் கேட்டன் அண்ணே, நான் கூட்டத்தான் இருந்தன். இப்பிடி எழுதிப் பார்த்தன், நீங்க சொன்ன பத்துக் கவுண்டர்ட கணக்கையே உதாரணத்துக்கு வச்சு:

“இந்தக் கிழமை சுட்டெண் 0.8 சதவீதம் உயர்ந்தது. ஆனால் உயர்வு பரவலாக இல்லை: பத்துக் கவுண்டர்களில் ஒன்று ஏறியது, ஒன்பது இறங்கின. உங்கள் பங்குகள் இறங்கியிருந்தால் நீங்கள் தனியாக இல்லை.”

தலைப்புக்கு மட்டும் இன்னும் பெயர்ச்சொல் இல்ல.

கல்முனையிலிருந்து:

அந்தக் கடைசி வசனம் கடிதம் மாதிரி இரிக்கி, வெட்டுங்க.

திருக்கோவிலிலிருந்து:

அதை வெட்டாதீங்க அக்கா, ரீச்சர் அதைத்தான் வாசிப்பா. அட்டவணைக்கு மேல “ஏறினதும் இறங்கினதும்” எண்டு போடுங்க, கலைச்சொல் வாறபோது வரட்டும்.

வாழைச்சேனையிலிருந்து:

எல்லாம் சரி, என்ட கவுண்டர் எதுக்குள்ள வரும், இறங்கினதுக்குள்ளயா அசையாததுக்குள்ளயா?